ஆவி பறக்காத இட்லி: உணவுப் படத்தில் ஆவி, தழை, சட்னி சேர்க்கும்போது வரும் கோளாறுகள்

மெனு அட்டைக்காக ஒரு மெஸ்ஸிலிருந்து வந்த படம். எவர்சில்வர் தட்டில் வாழை இலை, அதன்மேல் இரண்டு இட்லி, முன்னால் ஒரு கிண்ணம் சாம்பார், வலப்பக்கம் இன்னொரு கிண்ணத்தில் தேங்காய்ச் சட்னி. பின்னால் பழுப்பு நிறச் சுவர். இடப்பக்கம் பின்னாலிருக்கும் ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருகிறது. படம் மோசமில்லை. ஆனால் பரிமாறி அரைமணி நேரம் கழித்து எடுத்தது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. சாம்பாரில் ஏடு படிந்திருக்கிறது, சட்னியின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நிற்கிறது. உரிமையாளர் கேட்டது மூன்று: இட்லியில் ஆவி பறக்க வேண்டும், சாம்பாரின்மேல் கொத்தமல்லி வேண்டும், தேங்காய்ச் சட்னி இருக்கும் இடத்தில் காரச் சட்னி வேண்டும்.

இந்த மூன்றையும் செய்யும்போது வரும் கோளாறுகளை, கண்ணுக்கு எப்படித் தெரிகின்றனவோ அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். ஃபோட்டோஷாப்பிலும் ஜிம்ப்பிலும் Screen, Multiply, Levels, Curves, Gaussian Blur ஆகியவற்றுக்கு ஒரே பெயர்தான் என்பதால் எதை வைத்திருந்தாலும் பின்தொடரலாம். வேலை செய்யும் வரிசை மட்டும் வேறு: முதலில் சட்னி, பிறகு தழை, கடைசியில் ஆவி. ஆவி எல்லாவற்றுக்கும் மேலே படரும் பொருள் என்பதால் அதை முதலில் போட்டால் பின்னால் மாற்றும் ஒவ்வொன்றுக்கும் அதை மறுபடி தொட வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் ஆவியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆவியைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கட்டம் தெரிகிறது

கறுப்புத் துணிக்கு முன்னால் எடுத்த ஆவிப் படத்தை மேல் லேயரில் வைத்து Screen என்று மாற்றுவதுதான் வழக்கமான முறை. Screen கணக்கில் கறுப்பு எதையும் மாற்றாது, வெள்ளை மட்டும் கீழே இருப்பதை வெளுக்கும். ஆனால் துணி உண்மையில் கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்பை 0, வெள்ளையை 255 என்று எண்ணும் வெளிச்ச அளவில், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் துணி படத்தில் 0 ஆக இருப்பதே இல்லை, 15 அல்லது 20 ஆக இருக்கும். கணக்கு இது:

```
விளைவு = 255 − (255 − மேல்) × (255 − கீழ்) ÷ 255
```

நம் படத்தில் சுவரின் அளவு 60. துணி 20 என்றால் விளைவு 75 வருகிறது. ஆவியே இல்லாத இடத்திலும் சுவர் 15 அளவு வெளுத்துவிடுகிறது. ஆவிப் படத்தின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே அந்த வெளுப்பும் சட்டென்று நிற்கிறது. அதுதான் கட்டம்.

ஆவி லேயரில் மட்டும் Levels திறந்து, இடக்கோடியில் இருக்கும் கறுப்பு முள்ளை வலப்பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். துணியின் அளவு 0 ஆகும் இடத்தில் நிறுத்துங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: ஆவியின் மெல்லிய இழைகளும் துணியின் அளவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முள்ளை அதிகம் தள்ளினால் அவை போய்விடும், நடுவில் தடித்த பகுதி மட்டும் பஞ்சுபோல் நிற்கும். ஆகவே முக்கால் வேலையை Levels-இலும் மீதியை லேயர் மாஸ்க்கிலும் முடிப்பது நல்லது. மாஸ்க்கில் பெரிய மென்மையான பிரஷ்ஷால் நான்கு ஓரங்களையும் கறுப்படித்துவிட்டால் எஞ்சியிருக்கும் வெளுப்பு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது.

சரியாகிவிட்டதா என்று கண்ணை நம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves வைத்து, கோட்டை ஏறக்குறையச் செங்குத்தாக நிமிர்த்திப் பாருங்கள். கட்டம் மிச்சமிருந்தால் அதன் ஓரம் கோடு போட்டதுபோல் தெரியும். பார்த்துவிட்டு அந்த லேயரை நீக்கிவிடலாம்.

ஆவி சேர்த்திருக்கிறேன், ஆனால் தெரியவே இல்லை

இதற்கும் அதே கணக்குதான் காரணம். ஆவியின் அளவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 அளவுள்ள சுவரின்மேல் அது விழும்போது விளைவு ஏறக்குறைய 136 ஆகிறது, நன்றாகத் தெரியும். 235 அளவுள்ள இட்லியின்மேல் விழும்போது 243 ஆகிறது. எட்டே எட்டு வித்தியாசம், கண் பிடிக்காது. இட்லி வெள்ளை, ஆவியும் வெள்ளை. அதனால் இட்லியின்மேல் ஆவியைத் தேடுவதே வீண். இட்லிக்கு மேலே, சுவருக்கு முன்னால்தான் அது தெரியும். நேரில் பார்த்தாலும் அப்படித்தான்.

இங்கே பலரும் ஆவி லேயரை நகலெடுத்து இரண்டாக, மூன்றாக அடுக்குகிறார்கள். இட்லியின்மேல் அப்போதும் ஒன்றும் தெரியாது. சுவர்ப் பக்கம் மட்டும் தீப்பிடித்தது போலாகிவிடும். அடுக்குவதற்குப் பதிலாகப் பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். இட்லிக்குப் பின்னால் இருக்கும் சுவர்ப் பகுதிக்கு மட்டும் மாஸ்க்குடன் ஒரு Curves வைத்து, 60 இருந்த இடத்தை 40 வரை இறக்கினால் போதும். அதே ஆவி இன்னும் தெளிவாக எழுந்து நிற்கும்.

பின்னணியே வெள்ளைச் சுவராகவோ வெள்ளை மேசைவிரிப்பாகவோ இருந்தால் ஆவி வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நேர்மை. ஆவியாக நாம் பார்ப்பது காற்றில் மிதக்கும் மிகச் சிறிய நீர்த்துளிகளை. பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும் வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறிக் கேமராவுக்கு வரும்போதுதான், அதுவும் பின்னே இருட்டு இருந்தால்தான், அவை தெரிகின்றன. கேமராவிலேயே இருக்கும் ஃப்ளாஷ் போட்டு முன்னாலிருந்து எடுத்த படத்தில் தடித்த ஆவி எழும்பினால், ஏன் என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் அது பொய்யாகத் தோன்றும். அப்படிப்பட்ட படத்தில் உருகிய நெய்யின் பளபளப்பு செய்யும் வேலையை எந்த ஆவியும் செய்யாது.

ஆவி, புகைபோல் இருக்கிறது

ஊதுபத்திப் புகையை எடுத்து ஒட்டியிருப்பீர்கள், அல்லது அப்படி யாரோ எடுத்ததை இணையத்தில் இறக்கியிருப்பீர்கள். புகைக்கும் ஆவிக்கும் மூன்று வித்தியாசங்கள் உண்டு. முதலாவது நிறம். ஊதுபத்தியிலிருந்து புதிதாக எழும் புகையின் துகள்கள் மிகமிகச் சிறியவை என்பதால் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன; கறுப்புப் பின்னணியில் புகை நீலம் பாரித்துத் தெரியும். ஆவியின் துளிகள் பெரியவை, அவை வெள்ளையாகவே இருக்கும். இரண்டாவது வடிவம். ஊதுபத்தியின் முனை ஒரு புள்ளி என்பதால் புகை ஒற்றை நூலாகக் கிளம்பி மேலே போய்ச் சுருள்கிறது. இட்லியின் ஆவி ஒரு பரப்பு முழுவதிலிருந்தும் எழுவதால் அகலமாக, ஓரம் கலைந்து இருக்கும். மூன்றாவது, எல்லாரும் மறப்பது: புகை எவ்வளவு உயரம் போனாலும் புகைதான். ஆவியோ சற்று உயரம் போனதும் காற்றில் உலர்ந்து மறைந்துவிடும். படத்தின் மேல் விளிம்பு வரை போய் வெட்டுப்படும் ஆவி, அடுப்பில் கொதிக்கும் பானைக்குப் பொருந்தும், தட்டில் வைத்த இட்லிக்குப் பொருந்தாது.

கையில் இருப்பது புகையின் படம்தான் என்றால் நிறத்தை முழுக்க நீக்குங்கள், Gaussian Blur கொடுத்து நூலை உடையுங்கள், மாஸ்க்கில் மேல் பாதியைப் படிப்படியாகக் கரையுங்கள். சுருள் தெரியும் பகுதியைத் தொடவே வேண்டாம், நீக்கிவிடுங்கள்.

ஆனால் ஆவியைச் சொந்தமாக எடுப்பது அப்படியொன்றும் கடினமில்லை. வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கறுப்புத் துணியை மூன்று நான்கு அடி தள்ளித் தொங்கவிடுங்கள். விளக்கு பாத்திரத்துக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் இருக்கட்டும். அதன் ஒளி துணியிலும் படக்கூடாது, லென்ஸிலும் நேராகப் படக்கூடாது. தானியங்கி ஃபோகஸ் ஆவியைப் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும். ஆகவே பாத்திரத்தின் நடுவே ஒரு கரண்டியைப் பிடித்து அதன்மேல் ஃபோகஸ் வைத்து, அதை அப்படியே பூட்டிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். ஷட்டர் 1/60 வைத்தால் ஆவி மெத்தென்று வரும், 1/500 வைத்தால் ஒவ்வொரு இழையும் தனியே நிற்கும். இட்லிக்கு இரண்டுக்கும் நடுவே 1/125 சுற்றுவட்டத்தில் எடுத்தது பொருந்துகிறது. மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசி இருந்தால் அறையைக் குளிர வைத்த பிறகு எடுங்கள். மே மாத மதியத்தில் சென்னையில் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் ஆவி கண்ணில் படுவது குறைவு. சூடான காற்று துளிகளை உடனே விழுங்கிவிடும். மார்கழி விடியலில் டீக்கடை டம்ளரிலிருந்துகூட அது எழும்பி நிற்கும்.

ஆவி இட்லியிலிருந்து வராமல், அதன் முன்னால் தொங்குகிறது

ஒரே ஆவி லேயரை இட்லிக்கு மேலே வைத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு லேயராகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி ஆவி இட்லிக்குப் பின்னால் எழ வேண்டும். அந்த லேயரின் மாஸ்க்கில் இட்லியின் வடிவத்தைக் கறுப்பாக்கினால் அது இட்லிக்குப் பின்னே போய்விடும். அதற்குக் கொஞ்சம் Gaussian Blur கொடுங்கள், ஏனென்றால் அந்த ஆழத்தில் சுவரும் மங்கலாகத்தான் இருக்கிறது. இரண்டாவது லேயரில் ஒரே ஒரு மெல்லிய இழை, இட்லியின் மேற்பரப்பிலிருந்து கிளம்பி முன்னால் வரட்டும். இதன் அடி இட்லியின் உச்சியில் இருக்க வேண்டும், விளிம்பில் இருக்கக் கூடாது. அடியைக் கூர்மையாக வெட்டாமல் மாஸ்க்கில் கரைத்துவிடுங்கள்.

அகலத்தைக் கவனியுங்கள். பாத்திரத்திலிருந்து எடுத்த ஆவியை அப்படியே வைத்தால், உள்ளங்கை அகலமுள்ள இட்லியின்மேல் அண்டாவின் ஆவி எழும். அடிப்பக்கம் இட்லியைவிடக் குறுகலாக வரும்வரை சுருக்குங்கள். இட்லியிலும் சாம்பாரிலும் ஆவி காட்டுவதாக இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் சாய வேண்டும், ஒரே அறையில் ஒரே காற்றுதான் இருக்கும். தேங்காய்ச் சட்னியிலும் தயிரிலும் ஆவி வராது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். தயிர்ச் சாதத்தில் ஆவி பறக்கும் விளம்பரப் பலகையைப் பார்த்த பிறகு சொல்லிவிடுகிறேன்.

நிறமும் துகளும் சேராவிட்டாலும் ஆவி தனியே தொங்கும். நம் படத்தில் மாலை வெயில் மஞ்சளாக வருகிறது. ஆவி மட்டும் தூய வெள்ளையாக இருந்தால் அது வேறு அறையிலிருந்து வந்தது. எவர்சில்வர் தட்டின் விளிம்பில் வெளிச்சம் பளிச்சிடும் இடத்தில் நிறத்தை எடுத்து, ஆவிக்கு மட்டும் அதை இலேசாகப் பூசுங்கள். பிறகு படத்தை 100 சதவீத அளவில் வைத்து, சுவரில் இருக்கும் புள்ளிப்புள்ளியான நொய்ஸ் ஆவியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மங்கலாக்கியபோது அது போயிருக்கும். Add Noise வழியாக ஒன்று, ஒன்றரை சதவீதம் திருப்பிச் சேர்த்தால் போதும். ஜிம்ப்பில் RGB Noise என்று இருக்கும்.

ஆவி சரியாக இருக்கிறது, ஆனாலும் சாப்பாடு ஆறினதாகத் தெரிகிறது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, ஏனென்றால் இதற்கும் ஆவிக்கும் சம்பந்தமே இல்லை. மேலே ஆவி பறக்க, கீழே சாம்பாரில் ஏடு சுருங்கிக் கிடந்தால் கண் ஏட்டைத்தான் நம்பும். ஆவியைத் தொடுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை இது.

நம் படத்தின் சாம்பார்க் கிண்ணத்தை நெருங்கிப் பார்ப்போம். கிண்ண ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்லிய மடிப்புகள் ஓடுகின்றன. ஜன்னலின் ஒளி அவற்றில் பட்டுப் பல துண்டுகளாகச் சிதறுகிறது. சூடான சாம்பாரில் ஒளி ஒரே திட்டாக, ஓரம் தெளிவாக விழும். எண்ணெய் சிறுசிறு வட்டங்களாக மிதக்கும். ஆகவே மடிப்புகளை Healing பிரஷ்ஷால் அழித்து, சிதறிய ஒளித் துண்டுகளையும் அழித்து, பின்-இடப் பக்கத்தில் ஒரே ஒளித் திட்டு வரைய வேண்டும். திட்டின் நிறம் தூய வெள்ளையாக இருக்கலாம், வடிவம் கிண்ணத்தின் வளைவைப் பின்பற்ற வேண்டும். எண்ணெய் வட்டங்களை வரைய முயலாதீர்கள். வேறொரு சாம்பார்ப் படத்திலிருந்து எடுத்துச் சேருங்கள். கையால் வரைந்த வட்டங்கள் எல்லாம் ஒரே அளவாகப் போய்விடும்.

இட்லியின் விளிம்பு காய்ந்து மஞ்சளித்திருந்தால் அந்த மஞ்சளை மட்டும் குறைத்துவிட்டு, மேற்பரப்பின் பின்பக்க ஓரத்தில் ஈரத்தின் மெல்லிய மினுமினுப்பைக் கூட்டுங்கள். உறைந்து வெண்மணலாகிப்போன நெய்யைத் தெளிந்த நெய்யாக மாற்றுவது வீண் வேலை; அதை அழித்துவிடுவது எளிது.

கொத்தமல்லித் தழை மிதக்கிறது

நிழல் இல்லை, அல்லது ஒரே ஒரு நிழல்தான் இருக்கிறது. ஒரு பொருள் இன்னொன்றின்மேல் கிடக்கும்போது இரண்டு நிழல் உண்டாகிறது. தொடும் இடத்தில் மயிரிழை அகலத்தில் மிக இருண்ட நிழல் ஒன்று. வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி விழும் மங்கலான, அகலமான நிழல் இன்னொன்று. மென்பொருள் தானாகப் போடும் Drop Shadow இரண்டாவதை மட்டும் தருகிறது. தழை மேலே தூக்கி நிற்பதுபோல் தெரிவது அதனால்தான்.

தழை லேயருக்குக் கீழே Multiply லேயர் இரண்டு வையுங்கள். நிறம் கறுப்பு வேண்டாம். சாம்பாரிலேயே மிக இருண்ட இடத்தைத் தொட்டு அந்தச் செம்பழுப்பை எடுங்கள். ஏறக்குறைய 3000 பிக்சல் அகலமுள்ள நம் படத்தில், முதல் நிழலுக்கு 2 பிக்சல் அளவு மங்கல் போதும், தண்டு சாம்பாரைத் தொடும் இடங்களில் மட்டும் வரைய வேண்டும். இரண்டாவதற்கு 12 அல்லது 15 பிக்சல் மங்கல், அழுத்தம், அதாவது Opacity, 30 சதவீதம். வெளிச்சம் பின்-இடத்திலிருந்து வருவதால் நிழல் முன்-வலம் விழ வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒட்டவில்லை என்றால் இலையையே பாருங்கள். கொத்தமல்லி இலை மெல்லியது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அது இலையை ஊடுருவி மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், நரம்புகள் தெரியும். முன்னாலிருந்து ஒளி விழுந்த இலையோ கரும்பச்சையாக, தட்டையாக இருக்கும். பின்வெளிச்சப் படத்தில் அந்தக் கரும்பச்சை இலையை வைத்தால் எந்த நிழலும் அதைக் காப்பாற்றாது. ஜன்னலுக்கு எதிரே ஒரு கொத்தமல்லியைப் பிடித்துப் புதிதாக எடுப்பது, Curves-இல் மல்லுக்கட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

தழை சாம்பாரின்மேல் பளபளவென்று முழுசாகக் கிடப்பதும் சரியில்லை. குழம்பில் விழுந்த இலையின் ஒரு பகுதி முங்கியிருக்கும். மாஸ்க்கில் இரண்டு மூன்று இலைநுனிகளை அரைகுறையாக மறைத்து, சாம்பாரின் நிறம் அவற்றின்மேல் ஏறும்படி விடுங்கள்.

இலையைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரிந்தால், வெட்டியபோது பழைய பின்னணி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தேர்வை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி மறுபடி வெட்டுங்கள். ஒரே இலையைப் பல இடங்களில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இடவலமாகத் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. திருப்பியதும் அதன் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருவதாகிவிடும். வேறு இலையை எடுங்கள், ஒரு கட்டில் எத்தனையோ இருக்கின்றன. கறிவேப்பிலைக்கு ஒரு சொல்: தாளித்ததாகக் காட்டும் இடத்தில் பச்சைக் கறிவேப்பிலை வைத்தால் சமைக்கத் தெரிந்த எவருக்கும் உறுத்தும். எண்ணெயில் பொரிந்த இலை கருத்து, விறைத்து, பளபளப்பாக இருக்கும்.

மாற்றி வைத்த சட்னிக் கிண்ணம் சரிந்து விழுவதுபோல் இருக்கிறது

கேமராவின் கோணம் சேரவில்லை. இதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். கிண்ணத்தின் வாய் உண்மையில் வட்டம். சாய்வாகப் பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரிகிறது. அந்த நீள்வட்டத்தின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் கேமரா எவ்வளவு மேலேயிருந்து பார்த்தது என்பது கிடைக்கும். 30 பாகை என்றால் 0.5, 45 பாகை என்றால் 0.71, 60 பாகை என்றால் 0.87.

நம் படத்தின் சட்னிக் கிண்ணம் 420 பிக்சல் அகலம், 231 உயரம். வகுத்தால் 0.55, அதாவது ஏறக்குறைய 33 பாகை. உரிமையாளர் அனுப்பிய காரச் சட்னிப் படத்தில் கிண்ணம் 500 அகலம், 430 உயரம். வகுத்தால் 0.86, அதாவது 59 பாகை. நின்றுகொண்டு குனிந்து எடுத்திருக்கிறார். இந்தக் கிண்ணத்தை அப்படியே தட்டில் வைத்தால் அதன் வாய் நம்மைப் பார்த்துத் திறந்திருக்கும், பக்கத்திலிருக்கும் சாம்பார்க் கிண்ணத்தின் வாயோ திறந்திருக்காது. உயரத்தை அமுக்கி வாயைச் சரிசெய்தால் கிண்ணத்தின் வெளிச்சுவர் இன்னும் குட்டையாகிவிடும். 33 பாகையில் பார்க்கும்போது சுவர் அதிகமாகத் தெரிய வேண்டும், குறைவாக அல்ல.

ஆகவே பழைய கிண்ணத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சட்னியை மட்டும் மாற்றுவதுதான் நல்ல வழி. கிண்ணத்தின் நிழல், தட்டில் விழும் அதன் பிரதிபிம்பம் எல்லாம் உண்மையாகவே இருப்பதால் பாதி வேலை மிச்சம். ஆனாலும் 0.86-ஐ 0.55 ஆக்க உயரத்தை 0.64 மடங்காகச் சுருக்க வேண்டும். வழவழப்பான தேங்காய்ச் சட்னி அதைத் தாங்கும். காரச் சட்னியில் வெங்காயத் துணுக்கும் மிளகாய் விதையும் உண்டு. உருண்டையான விதைகள் நசுங்கிக் கிடைவாட்டில் கோடுகளாகிவிடும். பத்துப் பதினைந்து சதவீதத்துக்குமேல் அமுக்குவதை நான் ஏற்பதில்லை.

அதனால் மறுபடி எடுக்கச் சொன்னேன். உரிமையாளருக்குப் பாகை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதே அளவுக் கிண்ணத்தில் சட்னியை அதே மட்டத்துக்கு ஊற்றி, ஜன்னல் பின்-இடத்தில் இருக்கும்படி வைத்து, பழைய படத்தைப் பக்கத்தில் இன்னொரு ஃபோனில் திறந்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தின் வாய் இரண்டிலும் ஒரே மாதிரி ஒடுங்கித் தெரியும்வரை நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனை இறக்கச் சொன்னால் போதும். வந்த படத்தில் விகிதம் 0.58. அது போதும்.

உள்ளே பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிண்ணம் முக்கால் மட்டுமே நிறைந்திருந்தால் சட்னியின் பரப்பு விளிம்பின் நீள்வட்டத்தைவிடச் சிறியது, அதற்குக் கீழே இறங்கியிருப்பது. பின்பக்கம் கிண்ணத்தின் உட்சுவர் ஒரு பட்டையாகத் தெரிய வேண்டும். முன்பக்கம் விளிம்பு சட்னியை மறைக்க வேண்டும். முன்பக்க விளிம்பு வரை சட்னியை நிரப்பி, பின்பக்கம் மட்டும் பட்டை விட்டால் சட்னி நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும்.

சட்னி மாறிவிட்டது, ஆனால் கிண்ணத்துக்குள் இன்னும் தேங்காய்ச் சட்னி இருக்கிறது

எவர்சில்வரின் சுபாவம் அது. பின்பக்க உட்சுவரில் பழைய சட்னியின் வெள்ளை பிரதிபலித்துக்கொண்டே இருக்கும், சட்னி வழிந்து காய்ந்த வெள்ளைக் கறைகூட மேலே இருக்கலாம். கறையை அழியுங்கள். பிறகு Color நிலையில் ஒரு லேயர் வைத்து, சட்னியின் சிவப்பை உட்சுவரில் 40 சதவீத அழுத்தத்தில் பூசுங்கள். ஜிம்ப்பில் இது HSL Color. நிறம் மாறினாலும் வெளிச்சம் மாறாது என்பதால் வெள்ளை பிரதிபலித்த இடம் இளஞ்சிவப்பாக நிற்கும். அதன்மேல் ஒரு Curves வைத்து இருட்டாக்கினால்தான் உண்மையான சிவப்பாகும். கிண்ணத்தின் பக்கம் இருக்கும் இட்லியின் கன்னத்திலும் மிக மிக இலேசாகச் சிவப்பு ஏற்றலாம். ஏற்றியது தெரிந்தால் அதிகம் என்று பொருள்.

படத்தில் இருப்பது வேறு, தட்டில் வந்தது வேறு என்கிறார்கள்

இது கணினியில் தீரும் கோளாறு இல்லை. 1970-இல் அமெரிக்காவின் வணிக ஆணையம் காம்ப்பெல் சூப் நிறுவனத்தின் விளம்பரத்தை எதிர்த்த வழக்கு உணவுப் படம் எடுப்பவர்களிடையே பிரசித்தம்: கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் காய்களை மேலே தூக்கிக் காட்டியிருந்தார்கள். சூப் உண்மையானது, காய்கள் உண்மையானவை, அளவுதான் பொய். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பொய்யாக விவரிக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. அந்த மெஸ்ஸில் காரச் சட்னி தருகிறார்கள் என்பதால் அதை வைத்தேன். தட்டின் இடப்பக்கம் காலியாக இருக்கிறது, ஒரு வடையும் சேர்த்துவிடுங்கள் என்று பிறகு கேட்டார். வடைக்குத் தனி விலை. சேர்க்கவில்லை, இலையைக் கொஞ்சம் நீட்டிக் காலியிடத்தை மறைத்தேன்.

திரையில் நன்றாக இருந்த ஆவி, அச்சிலும் ஃபோனிலும் காணாமல் போகிறது

படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். மெல்லிய இழைகள் சுருங்கியதும் கரைந்துவிடும், நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். ஃபோனுக்கென்று தனியே சேமிக்கும் பிரதியில் இழைகளைக் குறைத்து, ஒரே ஒரு தடித்த ஆவியை விட்டுவிடுவது மேல். சேமிக்கும்போது JPEG தரத்தை மிகவும் இறக்கினால் ஆவியின் மெல்லிய சரிவுகள் படிக்கட்டுகளாகவும் சதுரங்களாகவும் உடையும். முன்பு சேர்த்த நொய்ஸ் இதையும் ஓரளவு தடுக்கும். அச்சுக்குப் போகும் பிரதியில் இருண்ட பகுதிகள் திரையில் தெரிவதைவிட மங்கி, ஆவிக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் குறையும். அச்சகத்தில் ஒரு மாதிரித் தாள் அடித்துப் பார்த்துவிட்டு, ஆவி லேயரின் அழுத்தத்தை அதற்கேற்பக் கூட்டுங்கள். லேயர்களை ஒட்டாத மூலக் கோப்பை வைத்திருந்தால் இது இரண்டு நிமிட வேலை.